குற்றஞ்சாட்டா நிகழ்வாய்வு: தரவுத்தள வட்டு நிரம்பல்

குற்றஞ்சாட்டா நிகழ்வாய்வு என்பது, கணினி அமைப்பு ஒன்று செயலிழந்து மீண்ட பின்னர், 'யார் செய்தது' என்று தேடாமல், 'எந்த வரிசையில் என்ன நடந்தது, பணியில் இருந்தவருக்கு அப்போது என்ன தெரிந்தது' என்று பதிவுகளைக் கொண்டு ஆராயும் முறையாகும்.

2023 ஆகஸ்ட் 29 அன்று சப்பானில் டொயோட்டாவின் 14 வாகன ஆலைகளும் நின்றன. இணையத் தாக்குதலோ என்ற ஐயமும் எழுந்தது. உண்மைக் காரணம் வேறு. ஆகஸ்ட் 27 அன்று நடந்த வழக்கமான பராமரிப்பின்போது, தரவுத்தளத்தில் சேர்ந்திருந்த தரவுகள் நீக்கி ஒழுங்குபடுத்தப்பட்டன. அப்போது வட்டில் இடம் போதாமல் பிழை ஏற்பட்டு, பாகங்களுக்கான ஆணைகளைக் கையாளும் அமைப்பு நின்றது. மாற்று வழங்கிகளும் அதே அமைப்பில் இயங்கியதால் அவற்றிலும் அதே கோளாறு தோன்றியது. தரவுகளைக் கூடுதல் கொள்ளளவுள்ள வழங்கிக்கு மாற்றிய பின்னரே அமைப்பு மீண்டது. நிறுவனத்தின் இவ்விளக்கத்தில் எந்த ஊழியரும் சுட்டப்படவில்லை.

இடத்தை விடுவிக்கும் வேலையே இடத்தைத் தின்பது மாணவர்களுக்கு விந்தையாகத் தோன்றலாம். பல தரவுத்தளங்கள் ஒரு தரவை நீக்கும் முன் அம்மாற்றத்தைத் தனிக் கோப்பில் எழுதிவைக்கின்றன. பாதியில் தடைபட்டால் பழைய நிலைக்குத் திரும்ப அது தேவை. நீக்கிய தரவின் இடமும் உடனே வட்டுக்குத் திரும்புவதில்லை. ஆகவே பெரிய நீக்கம் ஒன்று நடக்கும்போது வட்டு முதலில் நிரம்பவே செய்யும்.

இத்தகைய நிகழ்வை ஆராய்வோர் தரவுத்தளப் பதிவு, இயக்குதளப் பதிவு, கண்காணிப்பு அளவீடு, தட்டச்சு செய்த கட்டளைகள் ஆகியவற்றை ஒரே காலவரிசையில் அடுக்குவர். முதல் சிக்கல் கடிகாரம். சில வழங்கிகள் உலகப் பொது நேரத்தில் எழுதும். சப்பான் நேரம் அதைவிட 9 மணி முந்தியது. பொது நேரத்தில் 27ஆம் நாள் இரவு 8 மணி, சப்பானில் 28ஆம் நாள் காலை 5 மணி. இதை மாற்றாமல் அடுக்கினால் விளைவு காரணத்துக்கு முன்னே வந்து நிற்கும்.

அடுத்த சிக்கல் மௌனம். போசுட்டுகிரெசு தரவுத்தளத்தில் வட்டு நிரம்பும்போது இப்படியொரு வரி வரலாம்:

```
PANIC:  could not write to file "pg_wal/xlogtemp.2114": No space left on device
```

பதிவுக்கோப்பும் அதே வட்டில் இருந்தால் இவ்வரிகூட எழுதப்படாமல் போகலாம். வெற்றிடத்தை 'ஒன்றும் நடக்கவில்லை' என்று படிப்பது தவறு; வேறு கணினியில் சேமித்த கண்காணிப்பு அளவீடுகளால் அதை நிரப்ப வேண்டும்.

எடுத்துக்காட்டாக, 1000 கிகாபைட்டு வட்டில் 850 நிரம்பியுள்ளது. எச்சரிக்கை 900இல் ஒலிக்கும். நீக்கப்பணி நிமிடத்துக்கு 2.5 கிகாபைட்டு எழுதினால், 20ஆம் நிமிடத்தில் எச்சரிக்கை, 60ஆம் நிமிடத்தில் முழு நிரம்பல். பணியைத் தொடங்கியவர் பார்த்த திரையில் எல்லாம் பச்சையாகவே இருந்திருக்கும். அவரை 'கவனிக்கவில்லை' என்று எழுதிவிட்டால் ஆய்வு அங்கேயே முடிந்துவிடும். அடுத்த முறை அவர் கட்டளைகளை மறைக்கவும் கூடும். குற்றஞ்சாட்டா ஆய்வு, தொடங்கும் முன் தேவையான இடத்தைக் கணக்கிடும் படி செயல்முறையில் ஏன் இல்லை, நீக்கத்தைச் சிறு தொகுதிகளாகப் பிரிக்க முடியுமா, மாற்று வழங்கியும் அதே மாற்றத்தைப் பெற்று அதே வேகத்தில் நிரம்புமா என்று கேட்கும்.