காலிக் கட்டம் ‘வந்தார்’ ஆகாது

காலை பத்து மணிக்குள் தலைமையாசிரியர் மேசைக்கு அன்றைய வருகைக் கணக்கு போக வேண்டும். இருபது பிரிவுகள் என்றால் இருபது கூகுள் ஷீட்கள். ஒவ்வொன்றாகத் திறந்து எண்ணும் அலுவலக வேலையை ஆப்ஸ் ஸ்கிரிப்டில் எழுதிய சிறு நிரல் செய்துவிடும். நிரல் எல்லா ஷீட்களையும் படித்து, ஒரே தாளில் அடுத்தடுத்து ஒட்டும்.

ஒட்டுவது எளிது. சிக்கல் ஆசிரியர்கள் பதியும் விதத்தில்தான். வராதவருக்கு ஒருவர் ‘A’ என்பார். இன்னொருவர் ‘a’ போட்டு ஓர் இடைவெளியும் விடுவார். அதனால் எண்ணுவதற்கு முன் நிரல் குறியைச் சீராக்க வேண்டும்:

```
let k = String(v).trim().toUpperCase();
if (k !== "P" && k !== "A") k = "?";
```

இரண்டாம் வரிதான் முக்கியம். 38 பேர் கொண்ட பிரிவில் 33 ‘P’, 3 ‘A’, 2 காலிக் கட்டங்கள் என்று வைத்துக்கொள்வோம். ‘A’ இல்லாதவரெல்லாம் வந்தவர் என்று எண்ணினால் வருகை 35 ஆகிவிடும். ‘?’ இருந்தால், அந்த இருவரைப் பற்றி அலுவலகம் வகுப்பாசிரியரிடம் கேட்கும்.

மாணவரை அடையாளம் காணப் பெயர் போதாது. ஒரே வகுப்பில் இரண்டு கார்த்திக் இருக்கலாம். சேர்க்கை எண்ணே திறவுகோல். முடிவில் P, A, ? மூன்றின் கூட்டுத்தொகை பிரிவின் பெயர்ப்பட்டியல் எண்ணிக்கையோடு பொருந்துகிறதா என்று பார்த்தால், விடுபட்ட வரிசை உடனே தெரிந்துவிடும்.