பாதம் பிரண்டதா, தம்பியைக் கூப்பிட்டாரா?

"பாதம் பிரண்டு நாளைக்கு கரண்ட் இருக்காதாம் இப்பவே தொட்டியம் ரொம்ப இரு."

ரேஷன் கடைக்குப் போன அம்மாவிடமிருந்து மகனுக்கு இப்படி ஒரு செய்தி வருகிறது என்று வைத்துக்கொள்வோம். வீடு முசிறிப் பக்கம். முதல் இரண்டு சொற்களைப் படித்ததும் மகன் பதறுவான். அம்மா விழுந்துவிட்டாரா, கால் பிசகிவிட்டதா, தொட்டியத்தில் யார் வீட்டிலாவது இருக்கிறாரா? கரண்ட் எங்கிருந்து நடுவில் வந்தது என்று யோசிக்கும் நிதானம் அந்த நேரத்தில் யாருக்கும் இருக்காது.

அம்மாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. மைக் பொத்தானை அழுத்திவிட்டு அவர் பேசியது இதுதான்: "எப்பா தம்பி, ரெண்டு நாளைக்கு கரண்ட் இருக்காதாம். இப்பவே தொட்டிய ரொப்பிரு." தண்ணீர்த் தொட்டியை நிரப்பி வைக்கச் சொல்லியிருக்கிறார், அவ்வளவுதான்.

இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால், கருவி ஒலியை அதிகம் மாற்றவில்லை என்பது தெரியும். "எப்பா தம்பி ரெண்டு" என்பதில் முன்னால் இருக்கும் "எப்" மட்டும் போயிருக்கிறது. மிச்சம் "பாதம்பிரெண்டு". அதை "பா, தம்பி, ரெண்டு" என்று வெட்டுவதற்குப் பதிலாக "பாதம், பிரண்டு" என்று வெட்டிவிட்டது. கூடவே "ரெ" என்பது "ர" ஆகியிருக்கிறது. வெட்டிய இடம் மாறியதால் பாசத்தோடு கூப்பிட்ட குரல் விபத்துச் செய்தியாகிவிட்டது.

பேசுகிறவர் சொற்களுக்கு நடுவே இடைவெளி விடுவதில்லை. தாளில் நாம் பார்க்கும் வெற்றிடம் காதுக்குள் கிடையாது. எழுத்தாக மாற்றும் கருவிக்குக் கிடைப்பதும் ஓர் ஒலித் தொடர்தான். பெரும்பாலான கருவிகள் ஒரு விநாடிப் பேச்சை 16,000 எண்களாகப் பதிவு செய்துகொள்கின்றன. பிறகு அதைச் சுமார் 25 மில்லி விநாடி அளவுள்ள துண்டுகளாக, பத்து மில்லி விநாடிக்கு ஒன்று வீதம் எடுத்து, ஒவ்வொன்றும் எந்த ஒலியாக இருக்கலாம் என்று மதிப்பிடுகின்றன. அந்த ஒலிகளுக்குப் பொருந்தும் சொல்வரிசைகள் பலவற்றை ஒரே நேரத்தில் கையில் வைத்துக்கொண்டு, பயிற்சிக்காகக் கொடுக்கப்பட்ட தமிழில் அதிகம் சேர்ந்து வரும் வரிசை எதுவோ அதன் பக்கம் சாய்கின்றன. "பாதம்" என்ற சொல்லுக்குப் பின்னால் "பிரண்டு" வருவது தமிழில் இயல்பு. ஆகவே கருவியின் கணக்கில் அது நல்ல விடை.

தமிழ் இலக்கணத்துக்கு இந்தச் சிக்கல் புதிதல்ல. பவணந்தி முனிவரின் நன்னூல், தனிச் சொல்லாகவும் பிரித்தால் தொடராகவும் நிற்கும் சொற்களுக்குப் "பொதுமொழி" என்று பெயர் வைத்திருக்கிறது. தாமரை என்றால் ஒரு பூ. தா, மரை என்று பிரித்தால் தாவுகிற மான். வேங்கை என்பது மரமாகவும் விலங்காகவும் நிற்கும். வேம், கை என்று பிரித்தால் வேகின்ற கை. எங்கே வெட்டுவது என்பதைச் சுற்றியுள்ள வாக்கியம்தான் சொல்ல வேண்டும். கருவி தடுமாறுவதும் அந்த இடத்தில்தான்.

சரி, தடுமாற்றம் ஏன் பெரும்பாலும் வாக்கியத்தின் தலையிலேயே வருகிறது? முதல் காரணம் விரல். பொத்தானைத் தொட்ட கணமே பேச ஆரம்பிக்கிறவர்கள் நிறையப் பேர். கருவி மைக்கைத் திறந்து, கேட்கத் தயாராவதற்குக் கொஞ்சம் நேரம் பிடிக்கும். அது ஒரு விநாடியில் ஐந்தில் ஒரு பங்காக இருந்தால்கூட ஒரு குறில் எழுத்து முழுதாகக் காணாமல் போக அது போதும். "எப்பா", "அட", "இங்க பாரு", "ஏம்மா" என்று நாம் பேச்சைத் தொடங்கும் சொற்கள் பல உயிரெழுத்தில் ஆரம்பிக்கின்றன. மெல்லிய மூச்சோடு எழும் அந்த உயிரைப் பேச்சு என்று எடுத்துக்கொள்வதா, சுற்றுப்புறச் சத்தம் என்று தள்ளுவதா என்பதிலும் கருவி தவறும். ரேஷன் கடை வரிசையின் இரைச்சலில் அந்தத் தவறு இன்னும் எளிது.

இரண்டாவது காரணம் துணையின்மை. நடுவில் வரும் சொல்லுக்கு முன்னும் பின்னும் சாட்சி உண்டு. "கரண்ட்" என்று வந்த பிறகு "இருக்காதாம்" என்பதை ஊகிப்பது கடினமல்ல. முதல் சொல்லுக்கு முன்னால் ஒன்றுமே இல்லை. பின்னால் வருவதை வைத்துத்தான் அதைத் திருத்த வேண்டும். பேசும்போது திரையைக் கவனித்தால் இது கண்ணுக்கே தெரியும்: முதலில் தோன்றிய சொல், அடுத்த சொல் வந்ததும் மாறிவிடும். நம் எடுத்துக்காட்டில் கருவிக்குக் கிடைத்த "பாதம் பிரண்டு" ஏற்கெனவே நன்றாகப் பொருந்திவிட்டதால் திருத்தத் தோன்றவில்லை.

வழக்குச் சொல்லின் கதை வேறு. "ரொப்பிரு" என்று அச்சில் எழுதுகிறவர்கள் குறைவு. 2017 ஆகஸ்டில் கூகுள் தன் குரல் தட்டச்சில் தமிழைச் சேர்த்தபோதும் சரி, இன்றைக்கும் சரி, பேச்சுத் தமிழுக்கும் எழுத்துத் தமிழுக்கும் நடுவே உள்ள தூரம் இத்தகைய கருவிகள் எல்லாவற்றுக்கும் பெரிய தடை. அறியாத சொல் வந்தால் கருவி "தெரியவில்லை" என்று விட்டுவிடுவது அரிது. தனக்குத் தெரிந்தவற்றில் ஒலியால் நெருங்கியதை எடுத்து வைக்கும். "ரொப்பிரு" அப்படித்தான் "ரொம்ப இரு" ஆனது. "தொட்டிய" என்பதற்குப் பக்கத்தில் திருச்சி மாவட்டத்து ஊர்ப் பெயரே இருந்ததால் "தொட்டியம்" வந்து உட்கார்ந்தது.

மனிதக் காது இந்த வேலையை எப்படிச் செய்கிறது என்பதை அமெரிக்க உளவியலாளர் ரிச்சர்ட் வாரன் 1970-ல் விவரித்தார். பதிவு செய்த வாக்கியத்தில் ஒரு சொல்லின் முதல் ஒலியை அழித்துவிட்டு, அந்த இடத்தில் இருமல் சத்தத்தை வைத்தார்கள். மிஞ்சியது "ஈல்" மட்டும். அதற்குப் பின்னால், வாக்கியத்தின் கடைசிச் சொல்லை மட்டும் மாற்றி மாற்றி ஒட்டினார்கள். கடைசிச் சொல் வண்டி அச்சைக் குறிக்கும் "ஆக்சில்" என்றால் கேட்டவர்களுக்கு "வீல்" என்று கேட்டது. "ஷூ" என்றால் குதிகாலைக் குறிக்கும் "ஹீல்". "ஆரஞ்சு" என்றால் தோலைக் குறிக்கும் "பீல்". "டேபிள்" என்றால் சாப்பாட்டைக் குறிக்கும் "மீல்". காதில் விழுந்த ஒலி நான்கு முறையும் ஒன்றுதான். பின்னால் வந்த சொல், முன்னால் காணாமல் போன ஒலியை நிரப்பியது. யோசித்து நிரப்பியதாகவும் அவர்களுக்குத் தோன்றவில்லை. அந்த ஒலியைக் காதால் கேட்டதாகவே உணர்ந்தார்கள்.

குழம்பிய செய்தியைப் படிப்பவர் செய்ய வேண்டியதும் இதே வேலைதான்: பின்னாலிருந்து முன்னால் போவது. முதல் சொல்லையே முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தால் விடை கிடைக்காது. சந்தேகமில்லாத இடத்தில் காலை ஊன்ற வேண்டும். அம்மாவின் செய்தியில் அது "நாளைக்கு கரண்ட் இருக்காதாம்". அதற்கு முன்னால் என்ன வரலாம்? ஒன்றுமில்லாமலும் இருக்கலாம், "ரெண்டு", "மூணு" போன்ற எண்ணும் வரலாம். அதற்கும் முன்னால், வாக்கியத்தின் தலையில், விளி இருக்க வாய்ப்பு அதிகம். ஏனென்றால் மகனிடம் பேச்சைத் தொடங்கும் அம்மா நேராகக் கரண்டைப் பற்றி ஆரம்பிப்பதில்லை.

இந்த இடத்தில் பழைய செய்திகள் கைகொடுக்கும். ஒவ்வொருவருக்கும் ஒரு தொடக்கச் சொல் உண்டு. சித்தப்பா "டேய்" என்பார், அத்தை "ஏண்டி கண்ணு" என்பார், மாமனார் "மாப்ளே" என்பார். அம்மா எப்போதும் "எப்பா தம்பி" என்றுதான் கூப்பிடுவார் என்று தெரிந்தால், "பாதம் பிரண்டு" என்பதை இடைவெளி இல்லாமல் வாய்விட்டு, கொஞ்சம் வேகமாக, அம்மாவின் இழுவையிலேயே சொல்லிப் பார்க்க வேண்டும். "பாதம்பிரண்டு… பா தம்பி ரண்டு… எப்பா தம்பி, ரெண்டு நாளைக்கு." கண் பார்த்தபோது பிடிபடாதது வாயில் வந்ததும் காதுக்குப் பிடிபடுகிறது. வாய்விட்டுச் சொல்வது இதில் மிக முக்கியமான படி. கண்ணுக்கு வெற்றிடங்கள் தெரிந்துகொண்டே இருக்கும், அவை பொய்யான வேலிகள்.

ஊகம் சரியா என்று பார்க்க ஒரு வழி, அசை அசையாக ஒப்பிடுவது. தலையில் ஓரிரு எழுத்து குறைந்திருக்கலாம். அதற்குப் பிறகு வரும் ஒவ்வோர் அசைக்கும் ஊகித்த வாக்கியத்தில் இணை இருக்க வேண்டும். "பா-தம்-பி-ரண்-டு" என்பதற்கு "பா-தம்-பி-ரெண்-டு" அப்படியே பொருந்துகிறது. பொருளுக்குப் பொருந்தினாலும் அசைக்குப் பொருந்தாத ஊகத்தை ஒதுக்கிவிட வேண்டும்.

இந்த முறைக்கு ஓர் எல்லை உண்டு, அதுதான் மிகவும் கவலைப்பட வேண்டிய இடம். "இருபது", "அறுபது" இரண்டிலும் முதல் உயிர் போனால் மிஞ்சுவது "ருபது", "றுபது". பெரும்பாலோர் பேச்சில் ரகரத்துக்கும் றகரத்துக்கும் வித்தியாசம் இல்லை. "இருபது மூட்டை அனுப்பு" என்று சொன்னாரா, "அறுபது மூட்டை அனுப்பு" என்றாரா? பின்னால் வரும் எந்தச் சொல்லும் இதற்குச் சாட்சி சொல்லாது. கருவி இரண்டில் ஒன்றை எழுதும். திரையில் அது சுத்தமான, பிழையில்லாத வாக்கியமாகத் தெரியும். "பாதம் பிரண்டு" போலக் குழம்பிப் போனால் சந்தேகமாவது வரும். இதில் சந்தேகமே வராது. வாரனின் சோதனையில் இல்லாத ஒலியைக் கேட்டதாகவே மக்கள் நம்பியதுபோல, படிப்பவரும் தான் எதிர்பார்த்த எண்ணையே கண்டு நகர்ந்துவிடுவார்.

ஆகவே அனுப்புகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். மைக்கை அழுத்தியதும் மனதுக்குள் ஒன்று, இரண்டு என்று எண்ணிவிட்டுப் பேசத் தொடங்குங்கள். எழுத்து விழுந்ததும் முதல் மூன்று சொற்களை மட்டுமாவது படித்துப் பார்த்துவிட்டு அனுப்புங்கள். பணம், மருந்தின் அளவு, மூட்டைக் கணக்கு, தேதி, நேரம் ஆகியவற்றைக் குரலில் விடாமல் இலக்கமாக விரலால் தட்டுங்கள். பெறுகிறவர்களோ, எண்ணோடு தொடங்கும் குரல் தட்டச்சுச் செய்தி வந்தால் ஊகிக்க வேண்டாம். ஒரு போன் போட்டு, எத்தனை என்று கேட்டுவிடுங்கள்.