பத்து நிமிடம் எங்கே போனது? ட்விஸ்ட்டை வாசகர் கண் முன்னாலேயே ஒளித்து வைப்பது எப்படி?

ஒரு க்ரைம் நாவலை முடித்ததும் வாசகர் இரண்டு விதமாகத் திட்டலாம். "இது எனக்கு அம்பதாவது பக்கத்துலயே தெரியும்" என்பது ஒன்று. "இப்படிப் பண்ணா யாரால கண்டுபிடிக்க முடியும்? இது சீட்டிங்" என்பது இன்னொன்று. இந்த இரண்டு திட்டும் வாங்காமல் "அடடா, இது முன்னாடியே சொல்லியிருந்ததே!" என்று வாசகரைப் பக்கங்களைப் பின்னால் புரட்ட வைப்பதுதான் நல்ல ட்விஸ்ட்.

அதை எப்படிச் செய்கிறார்கள் என்று பார்க்க, அகதா கிறிஸ்டி 1926-ல் வெளியிட்ட 'தி மர்டர் ஆஃப் ரோஜர் அக்ராய்ட்' நாவலை விட நல்ல உதாரணம் கிடைப்பது கஷ்டம். (எச்சரிக்கை: கொலையாளி யார் என்பதை அடுத்த பத்தியிலேயே சொல்லப் போகிறோம். படிக்கும் எண்ணம் இருந்தால், படித்துவிட்டு இங்கே வாருங்கள்.)

கதை என்ன?

இங்கிலாந்தின் ஒரு கிராமம். பணக்காரர் ரோஜர் அக்ராய்ட் தன் வீட்டு அறையில் கத்தியால் குத்தப்பட்டு இறந்து கிடக்கிறார். துப்பறிகிறவர் ஹெர்க்யூல் பாய்ரோ. கதையை நமக்குச் சொல்பவர் ஊர் டாக்டர் ஷெப்பர்ட். பாய்ரோவுடன் கூடவே அலைந்து, நடப்பதை எல்லாம் எழுதி வைக்கும் மனிதர். கடைசியில், கொலை செய்தது அந்த டாக்டரேதான்.

ஊரில் ஒரு பெண் தன் கணவரை விஷம் வைத்துக் கொன்றதைத் தெரிந்துகொண்டு, அவரை மிரட்டிப் பணம் பறித்து வந்தவர் ஷெப்பர்ட். அந்தப் பெண் தற்கொலை செய்வதற்கு முன், மிரட்டியவர் பெயரை எழுதி அக்ராய்டுக்குக் கடிதம் அனுப்பிவிடுகிறார். அதனால்தான் கொலை.

அந்தப் பத்து நிமிடம்

கொலை நடந்த இரவை டாக்டர் இப்படி விவரிக்கிறார்: மணி 8.40-க்குக் கடிதம் அறைக்குள் வந்தது. 8.50-க்கு அவர் கிளம்பும்போது அக்ராய்ட் அந்தக் கடிதத்தை இன்னும் படித்து முடிக்கவில்லை. கதவுப் பிடியில் கை வைத்துத் திரும்பிப் பார்த்தார், செய்ய வேண்டியது ஏதாவது பாக்கி இருக்கிறதா என்று யோசித்தார், எதுவும் தோன்றவில்லை, வெளியே வந்தார்.

இதில் ஒரு பொய்கூட இல்லை. 8.40-க்கும் 8.50-க்கும் நடுவில் என்ன நடந்தது என்பதை மட்டும் அவர் சொல்லவில்லை. கொலை நடந்தது அந்த இடைவெளியில்தான். முதல் முறை படிக்கும்போது, நண்பரைத் தனியாக விட்டுப் போகத் தயங்கும் ஒரு டாக்டர் நமக்குத் தெரிகிறார். இரண்டாம் முறை படிக்கும்போது, தடயம் ஏதாவது விட்டுவிட்டோமா என்று அறையைச் சரிபார்க்கும் கொலைகாரர் தெரிகிறார். சொற்கள் ஒன்றுதான், அர்த்தம் மட்டும் தலைகீழ்.

கிறிஸ்டி அதோடு நிறுத்தவில்லை. டாக்டர் வீட்டிலிருந்து 8.50-க்குக் கிளம்புகிறார், வெளிக் கேட்டைக் கடக்கும்போது மணி ஒன்பது அடிக்கிறது. அந்தத் தூரம் ஐந்து நிமிட நடைதான். இதைக் கவனித்துக் கேள்வி கேட்பவர் பாய்ரோ மட்டுமே. நமக்கு ஏன் தோன்றவில்லை? கேட்டைத் தாண்டிய அதே நொடியில் முகத்தை மறைத்த ஒரு அந்நியன் எதிரே வந்து வழி கேட்கிறான். வாசகர் கவனம் முழுவதும் அவன் மேல் போய்விடுகிறது, 'ஒன்பது மணி' அந்தச் சந்திப்புக்கான நேரமாக மட்டும் மனதில் பதிகிறது. க்ளூவை மறைக்கத் தேவையில்லை, அதற்குப் பக்கத்திலேயே அதைவிடச் சத்தமான ஒன்றை வைத்தால் போதும்.

க்ளூவுக்கு ஒரு 'பொய்க் காரணம்'

இன்னொரு வழியும் இருக்கிறது. ஒரு தகவலைப் பார்த்ததும் 'இது ஏன் இங்கே இருக்கு?' என்று வாசகர் கேட்பதற்கு முன்னாலேயே வேறொரு பதிலைக் கொடுத்துவிடுவது. தனக்கு ஒரு சொத்துப் பணம் வந்ததாகவும், அதை முதலீட்டில் தொலைத்ததாகவும் டாக்டர் ஆரம்பத்திலேயே பேச்சுவாக்கில் சொல்கிறார். பேராசையால் பணத்தை விட்ட சாதாரண மனிதர் என்று எடுத்துக்கொண்டு நகர்கிறோம். உண்மையில் அது மிரட்டிப் பறித்த பணம். அதேபோல, வீட்டில் அவருக்கு ஒரு சின்னப் பட்டறை இருக்கிறது, இயந்திரங்களைக் கழற்றி மாட்டுவது பொழுதுபோக்கு. கேட்க வேடிக்கையான குணம். ஆனால் அக்ராய்ட் இறந்த பிறகும் அவர் குரல் அறையிலிருந்து கேட்டதற்கு, நேரம் பார்த்து ஓடும்படி மாற்றியமைத்த ஒரு டிக்டாஃபோன்தான் காரணம். அதைச் செய்யக்கூடிய கை யாருடையது என்பது நமக்கு முன்பே காட்டப்பட்டுவிட்டது.

எல்லைக்கோடு எங்கே?

"கதை சொல்பவரே மறைத்தால் அது நியாயமா?" என்ற சண்டை அப்போதே வந்தது. 1929-ல் ரொனால்ட் நாக்ஸ் துப்பறியும் கதைகளுக்குப் பத்து விதிகள் எழுதினார். யாருடைய மன ஓட்டத்தை வாசகர் பின்தொடர்கிறாரோ அவர் குற்றவாளியாக இருக்கக் கூடாது என்பது அதில் ஒன்று. முன்கூட்டியே வாசகரைத் தயார்படுத்தாமல் இரட்டையரைக் கொண்டுவரக் கூடாது என்பது இன்னொன்று. (நம்ம ஊர் சினிமாவுக்கு இந்த விதி ரொம்ப லேட்டாகத்தான் வந்து சேர்ந்தது போல.) டாரத்தி சேயர்ஸ் போன்றவர்கள் கிறிஸ்டி பக்கம் நின்றார்கள். எல்லோரையும் சந்தேகப்படுவது வாசகரின் வேலை என்பது அவர்கள் வாதம்.

நம் பார்வையில் கிறிஸ்டி தப்பிப்பதற்குக் காரணம், அவர் ஒரு கோட்டை மிகக் கறாராகக் காப்பாற்றியதுதான். விவரிக்கும்போது ஷெப்பர்ட் விட்டுவிடலாம், பொய் சொல்லக் கூடாது. பொய் எல்லாம் உரையாடலுக்குள் மட்டும். இரவு 10.15-க்குப் போன் வருகிறது. மணி அடித்ததையும், தான் போனில் பேசியதையும் அவர் எழுதுகிறார். அக்ராய்ட் கொலையானதாக அவர் வீட்டு வேலையாள்தான் போன் செய்தார் என்பதை வாசகரிடம் சொல்லவில்லை, தன் அக்காவிடம் சொல்கிறார். உண்மையில் பேசியது ரயில் நிலையத்தில் இருந்த ஒரு நோயாளி, டாக்டர் முன்பே ஏற்பாடு செய்தபடி. "வேலையாளிடமிருந்து போன் வந்தது" என்று விவரணையில் ஒரே ஒரு வரி இருந்திருந்தால், முழு நாவலும் ஏமாற்று வேலை ஆகியிருக்கும்.

எழுதுபவர்கள் சோதிப்பது எப்படி?

கதையை முழுதாக ஒருவரிடம் படிக்கக் கொடுங்கள். எந்த இடத்தில் சந்தேகம் வந்ததோ அங்கே பென்சிலால் ஒரு கோடு போடச் சொல்லுங்கள். கோடு பாதிக்கு முன்னால் விழுந்து, அதற்குப் பிறகு சந்தேகம் மாறவே இல்லை என்றால், க்ளூ தனியாகத் துருத்திக்கொண்டு நிற்கிறது. அதை வேறொரு பரபரப்பான நிகழ்ச்சிக்குப் பக்கத்தில் நகர்த்த வேண்டும். கோடே இல்லை என்றால், முடித்ததும் இன்னொரு கேள்வி: "முன்னாடி எந்த இடம் ஞாபகத்துக்கு வருது?" இரண்டு மூன்று இடங்களை அவரே சொன்னால் சரியாக வேலை செய்திருக்கிறது. எதுவுமே ஞாபகம் வரவில்லை என்றால், க்ளூ அளவுக்கு மீறி மங்கிவிட்டது என்று அர்த்தம். அப்போது கடைசி அத்தியாயத்தில் விளக்கத்தைக் கூட்டிப் பயனில்லை, முன் பகுதியில் அந்தத் தகவலை வேறொரு காட்சியில் இன்னொரு முறை வைக்க வேண்டும்.

கிறிஸ்டி இந்தக் கணக்குப் பார்க்கும் வேலையை வாசகரிடம்கூட விடவில்லை. கடைசி அத்தியாயத்தில் ஷெப்பர்டே தன் எழுத்தைத் திரும்பப் படித்துப் பார்த்து, அந்தப் பத்து நிமிடத்தை எவ்வளவு சாமர்த்தியமாகத் தாண்டினேன் என்று பெருமைப்படுகிறார். அந்த இடத்தில் ஒரு வரிசை நட்சத்திரக் குறிகள் போட்டிருந்தால் யாராவது சந்தேகப்பட்டிருப்பார்களோ என்றும் யோசிக்கிறார்.