எறும்பு இல்லை, ஊறல் மட்டும் உண்டு

படுத்து விளக்கை அணைத்ததும் காலில் ஏதோ ஊர்கிறது. எழுந்து பார்த்தால் எறும்பும் இல்லை, மூட்டைப்பூச்சியும் இல்லை. பாயை உதறி, போர்வையை வெயிலில் போட்டு, வீடெங்கும் மருந்தடித்தும் நிற்பதில்லை. "எல்லாம் உன் நினைப்புதான்" என்று வீட்டில் சொல்லிவிடுகிறார்கள். அது நியாயமில்லை. தோலிலிருந்து சேதி கொண்டுபோகும் நரம்பு பழுதானால், தோலில் எதுவும் படாமலே அது சேதி அனுப்பும். அந்த ஊறல் உண்மையான உணர்வுதான்.

முதலில் சிரங்கு இல்லை என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். சிரங்குப் பூச்சி அரை மில்லிமீட்டருக்கும் சிறியது. கண்ணில் படவில்லை என்பதால் இல்லை என்றாகாது. விரலிடுக்கு, மணிக்கட்டு, இடுப்பு ஆகிய இடங்களில் சிறு பருக்களும், இரவில் கடும் அரிப்பும், வீட்டில் இன்னொருவருக்கும் அதே தொல்லையும் இருந்தால் சந்தேகம் வலுக்கிறது.

பருவே இல்லை, இரண்டு பாதங்களிலும் ஒரே மாதிரி ஊறுகிறது என்றால் கதை வேறு. பத்தாண்டுகளாகச் சர்க்கரை நோய்க்கு மெட்ஃபார்மின் சாப்பிடும், சைவ உணவுக்கார அம்மா ஒருவரை எடுத்துக்கொள்வோம். ஊறல் விரல் நுனியில் தொடங்கி மெல்ல மேலேறுகிறது. செருப்பு கழன்றதுகூடச் சில நேரம் தெரிவதில்லை. கட்டுக்கு வராத சர்க்கரை நரம்பைக் கெடுத்திருக்கலாம். பி12 வைட்டமின் குறைந்தாலும் இதே தொல்லைதான் வரும். நீண்ட நாள் மெட்ஃபார்மின் அந்த வைட்டமின் உடலில் சேர்வதைக் குறைக்கும். சைவ உணவிலோ அது பால், தயிரில்தான் ஓரளவு கிடைக்கிறது. அதனால் சர்க்கரைமேல் மட்டும் பழியைப் போட்டுவிடக் கூடாது. மருத்துவர் இசைக்கவையைத் தட்டிக் கால் பெருவிரலில் வைத்து அதிர்வு தெரிகிறதா என்று பார்ப்பார். மூன்று மாதச் சர்க்கரை அளவு, பி12, தைராய்டு, சிறுநீரகம் ஆகியவற்றுக்கு ரத்தம் எடுக்கச் சொல்வார். பி12 குறைவு என்றால் ஊசியோ மாத்திரையோ போதும். ஆனால் மாதக்கணக்கில் தள்ளிப்போட்டால் நரம்பு முழுதாகத் தேறாமல் போகலாம். மெட்ஃபார்மினை நீங்களாக நிறுத்திவிடவும் கூடாது.

ஊறல் இரண்டு வாரம் தொடர்ந்தாலோ, மரத்துப்போதலும் தள்ளாட்டமும் சேர்ந்தாலோ மருத்துவரைப் பாருங்கள். புது மாத்திரை தொடங்கிய பின் வந்ததென்றால் அந்தச் சீட்டையும் கொண்டுபோங்கள். மாதவிடாய் நிற்கும் வயதிலும் இப்படி வருவதுண்டு, அதையும் சொல்லுங்கள்.

பூச்சி நிச்சயம் இருக்கிறது என்று நம்பி, தோல் துணுக்குகளைத் தீப்பெட்டியில் சேர்த்து வைப்பவர்களும் உண்டு. அவர்களோடு வாதாடிப் பயனில்லை. பூச்சிமருந்தோ மண்ணெண்ணெயோ உடம்பில் பூசவிடாமல் தடுத்து, தோல் மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். தேவையானால் அவரே மனநல மருத்துவரையும் சேர்த்துக்கொள்வார்.

ஒரு நிலையில் மட்டும் காத்திருக்கவே கூடாது. நாள்தோறும் மிகுதியாகக் குடித்தவர் திடீரென நிறுத்தி இரண்டு மூன்று நாளில் கை நடுங்கி, வியர்த்து, உடம்பெல்லாம் பூச்சி என்று தட்டிவிட்டால், அது உயிருக்கே ஆபத்தானது, வலிப்பும் வரலாம். அறையில் பூட்டி வைக்காமல், அந்த நேரமே 108-ஐ அழையுங்கள்.