பாதி சுரண்டிய கம்பி

பள்ளி அறிவியல் கண்காட்சியில் ஏதாவது ஒரு மேசையில் இந்தக் குட்டி மோட்டார் கட்டாயம் இருக்கும். ஒரு டார்ச் பேட்டரி, அதன் இரண்டு முனைகளிலும் ரப்பர் பேண்டால் இறுக்கிய இரண்டு ஊக்குகள், பேட்டரியின் முதுகில் ஒரு வட்டக் காந்தம், ஊக்குகளின் வளையங்களில் முனைகளைச் செருகித் தொங்கவிட்ட எனாமல் கம்பிச் சுருள். அவ்வளவுதான். சுருளை விரலால் லேசாகத் தட்டிவிட்டால் விர்ரென்று சுற்ற ஆரம்பிக்கும்.

செய்முறையில் ஒரு வரிதான் புதிர். சுருளின் ஒரு முனையில் எனாமலை முழுக்கச் சுரண்ட வேண்டும். மறுமுனையில் ஒரு பக்கப் பாதியை மட்டும் சுரண்ட வேண்டும். மின்சாரம் தாராளமாகப் பாய வேண்டும் என்றால் இரண்டையும் முழுக்கச் சுரண்டுவதுதானே நியாயம்? இதற்குப் பதில் சொல்ல இடது கையின் மூன்று விரல்கள் வேண்டும்.

மின்னோட்டம் பாயும் கம்பியைக் காந்தம் தள்ளும் என்பதை 1821-இல் மைக்கேல் ஃபாரடே லண்டனில் செய்து காட்டினார். பாதரசக் கிண்ணத்தில் நுனி தோய்ந்த கம்பி ஒன்று, மின்சாரம் பாய்ந்ததும் காந்தத்தைச் சுற்றிச் சுற்றி வந்தது. எந்தப் பக்கம் தள்ளும் என்பதுதான் மாணவர்களுக்குக் குழப்பம். அதே நகரத்தின் யுனிவர்சிட்டி காலேஜில் மின்பொறியியல் கற்பித்த ஜான் அம்புரோஸ் ஃபிளெமிங், அதை நினைவில் வைக்க விரல்களைப் பயன்படுத்தச் சொன்னார். இடது கையின் பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல் மூன்றையும் ஒன்றுக்கொன்று செங்குத்தாக நீட்டுங்கள். சுட்டுவிரல் காந்தப்புலத்தின் திசை, அதாவது வட துருவத்திலிருந்து வெளியேறும் திசை. நடுவிரல் மின்னோட்டத்தின் திசை. பெருவிரல் காட்டும் பக்கம் கம்பி தள்ளப்படும். தப்பித் தவறி வலது கையை நீட்டினால் பெருவிரல் நேர் எதிர்ப்பக்கம் காட்டும். தேர்வில் பேனா பிடிக்காத கை சும்மா இருப்பதால், வலக்கைப் பழக்கம் உள்ளவர்களுக்கு இந்த விதி கொஞ்சம் சௌகரியம்.

இனி மோட்டாருக்கு வருவோம். வட்டச் சுருளைவிடச் சதுரச் சுருளில் யோசிப்பது எளிது. காந்தத்தின் வட துருவம் மேலே பார்க்கிறது. ஆகவே சுட்டுவிரல் வானத்தை நோக்கட்டும். சுருளின் அச்சு நமக்கு இடமிருந்து வலமாகக் கிடக்கிறது. சுருள் செங்குத்தாக நிற்கும்போது அதன் மேல்விளிம்பில் மின்னோட்டம் இடமிருந்து வலமாகப் பாய்வதாக வைத்துக்கொள்வோம். நடுவிரலை வலப்பக்கம் நீட்டினால் பெருவிரல் நம் நெஞ்சை நோக்கித் திரும்புகிறது. ஆக, மேல்விளிம்பு நம்மை நோக்கித் தள்ளப்படுகிறது. கீழ்விளிம்பில் மின்னோட்டம் வலமிருந்து இடமாகத் திரும்பி வருகிறது; அங்கே பெருவிரல் நம்மைவிட்டு விலகிப் போகிறது. மேலே இழுக்க, கீழே தள்ள, சுருள் திரும்பாமல் என்ன செய்யும்?

மற்ற இரண்டு விளிம்புகள் இந்த நிலையில் செங்குத்தாக, காந்தப்புலத்தின் திசையிலேயே நிற்கின்றன. அவற்றுக்குக் கையைப் பிடித்துப் பாருங்கள்: சுட்டுவிரலும் நடுவிரலும் ஒரே கோட்டில் வர வேண்டும், பெருவிரலுக்குத் திசையே கிடைக்காது. அங்கே விசையும் இல்லை. சுருள் படுத்தபிறகு அவற்றிலும் விசை தோன்றும், ஆனால் அது அச்சின் வாக்கில் எதிரெதிராக இழுப்பதால் சுழற்சிக்கு உதவாது.

இந்தத் தள்ளல் எவ்வளவு பலமானது? விசைக்கான வாய்ப்பாடு F = BIL. விளிம்பின் நீளம் 2 செ.மீ., கம்பியில் 2 ஆம்பியர், சுருள் இருக்கும் இடத்தில் காந்தப்புலம் 0.05 டெஸ்லா, 10 சுற்றுகள் என்று எடுத்துக்கொண்டால், 0.05 × 2 × 0.02 × 10 = 0.02 நியூட்டன். இது ஏறத்தாழ 2 கிராம் எடைக்குச் சமம். கேட்க அற்பமாகத் தோன்றும். ஆனால் மெல்லிய தாமிரக் கம்பியில் சுற்றிய அந்தச் சுருளின் எடையே ஒன்றிரண்டு கிராம்தான். தன் எடை அளவுக்கு ஒரு தள்ளல் கிடைத்தால் துள்ளிக்கொண்டு ஓடாதா?

ஓடும், கால் சுற்று வரை. மேல்விளிம்பு நம் பக்கம் சரிந்து, சுருள் கிடைமட்டமாகப் படுத்துவிட்டது என்று வையுங்கள். அந்த விளிம்பில் மின்னோட்டம் இன்னமும் வலப்பக்கம்தான் பாய்கிறது, ஆகவே இன்னமும் நம்மை நோக்கித்தான் தள்ளப்படுகிறது. எதிர்விளிம்பு அந்தப் பக்கம் தள்ளப்படுகிறது. இப்போது இரண்டு விசைகளும் சுருளை விரிக்கப் பார்க்கின்றனவே தவிர, சுழற்றவில்லை. வந்த வேகத்தில் சுருள் இதையும் தாண்டினால் நிலைமை இன்னும் மோசம். கீழே இறங்கிய அந்த விளிம்பை விசை விடாமல் நம் பக்கமே தள்ளுகிறது, அதாவது வந்த வழியே திருப்புகிறது. இரண்டு முனைகளையும் முழுக்கச் சுரண்டிய சுருள் இப்படித்தான் முன்னும் பின்னும் ஆடிவிட்டுப் படுத்த நிலையில் நின்றுபோகும். பேட்டரி மட்டும் சூடாகிக்கொண்டே இருக்கும். உடனே சுருளை எடுத்துவிடுங்கள்.

பாதி எனாமலின் வேலை இங்கேதான் தொடங்குகிறது. நாம் பின்தொடர்ந்த விளிம்பு அச்சுக்கு மேலே இருக்கும் அரைச் சுற்றில் விசை உதவுகிறது. கீழே இருக்கும் அரைச் சுற்றில் கெடுக்கிறது. கெடுக்கும் நேரத்தில் மின்சாரத்தை நிறுத்திவிட்டால் போதும். முனைக் கம்பியின் சுரண்டிய பாதி ஊக்கைத் தொடும்போது மின்சாரம் பாயும். எனாமல் உள்ள பாதி தொடும்போது நின்றுவிடும். அந்த நேரத்தில் சுருள், பெற்ற வேகத்திலேயே மீதி அரைச் சுற்றைக் கடந்துவிடுகிறது. ஊஞ்சலை நம்மைவிட்டு விலகும்போது மட்டும் தள்ளிவிட்டு, திரும்பி வரும்போது கையை எடுத்துக்கொள்வதில்லையா, அதே கதை.

எந்தப் பாதி என்பதில்தான் பெரும்பாலான மோட்டார்கள் படுத்துவிடுகின்றன. பலர் சுருளை மேசைமேல் தட்டையாக வைத்து, முனையின் மேற்புறத்தை பிளேடால் சுரண்டிவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் மின்சாரம் பாயும் அரைச் சுற்றின் நட்டநடுவில் சுருள் படுத்த நிலையில் இருக்கும். முதல் கால் சுற்று உதவும், அடுத்த கால் சுற்று அதைக் கெடுக்கும். மிச்சம் எதுவும் இல்லை. சுருளைச் செங்குத்தாகப் பிடித்துக்கொண்டு, முனையின் மேற்பாதியை மட்டும் சுரண்டுவதே சரி. அப்போது சுருள் நிமிர்ந்து நிற்கும் நிலை, மின்சாரம் பாயும் நேரத்தின் நடுவில் வரும். தள்ளல் சுழற்சிக்கு முழுதாகப் பயன்படும் நிலை அதுதான்.

கடையில் வாங்கும் பொம்மைக் கார் மோட்டார் அந்த அரைச் சுற்றை வீணாக்குவதில்லை. அதற்குள் இருக்கும் திசைமாற்றி, சரியான தருணத்தில் சுருளின் மின்னோட்டத்தைத் திருப்பிவிடுகிறது. நடுவிரல் திரும்பினால் பெருவிரலும் திரும்புமே, கெடுக்க வேண்டிய விசை உதவும் விசையாகிவிடுகிறது.

சுருள் சுற்றும்போது காந்தத்தைத் தலைகீழாக வைத்துப் பாருங்கள், எதிர்ப்பக்கம் சுற்றும். பேட்டரியைத் திருப்பினாலும் அப்படியே. இரண்டையும் சேர்த்துத் திருப்பினால்? சுட்டுவிரலும் நடுவிரலும் ஒருசேரத் திரும்ப, பெருவிரல் பழைய இடத்திலேயே நிற்கும். மோட்டார் பழைய பக்கமே சுற்றும். நம் வீட்டு மிக்ஸி ஓடுவது இதனால்தான். நமக்கு வரும் 50 ஹெர்ட்ஸ் மாறுதிசை மின்சாரம் நொடிக்கு 100 தடவை திசை மாறுகிறது. மிக்ஸி மோட்டாரில் நிலைக்காந்தம் கிடையாது. காந்தப்புலத்தை உண்டாக்கும் சுருளும், சுற்றுகிற ஆர்மச்சூரும் ஒரே தொடரில் இணைக்கப்பட்டிருக்கின்றன. மின்னோட்டம் திரும்பும் ஒவ்வொரு முறையும் புலமும் கூடவே திரும்புகிறது, பிளேடு மட்டும் ஒரே பக்கம் சுற்றுகிறது. மிக்ஸியின் அடிப்பக்கக் காற்றுத் துளைகள் வழியே சில சமயம் தெரியும் நீலப்பொறி, கார்பன் பிரஷ் ஆர்மச்சூரின் ஒரு தாமிரப் பட்டையை விட்டு அடுத்ததைத் தொடும் இடத்தில் எழுவது. நம் ஊக்கும் எனாமலும் செய்த வேலையைத்தான் அங்கே அவை செய்துகொண்டிருக்கின்றன.