கேமை எஸ்.எஸ்.டி.க்கு மாற்றுவோமா?

ஜி.டி.ஏ. 5 கேமில் காரை வேகமாக ஓட்டும்போது, எதிரே வரும் சாலையும் கட்டடங்களும் முதலில் மங்கலாகத் தெரிந்து, சற்று கழித்துத் தெளிவாவதைப் பார்த்திருப்பீர்கள். நகரம் முழுவதையும் மெமரியில் வைக்க இடம் போதாது. எனவே நீங்கள் போகப் போக, அந்தந்தத் தெருவின் படங்களை டிஸ்க்கிலிருந்து கேம் எடுத்துக்கொண்டே இருக்கிறது. ஹார்ட் டிஸ்க்கின் தட்டு நிமிடத்திற்கு 7200 முறை சுற்றுகிறது. ஒரு சுற்றுக்கு 8 மில்லி செகண்டுக்கு மேல் ஆகும். அதன் முள் நகரும் நேரம் தனி. ஆயிரக்கணக்கான சிறு துண்டுகளை இப்படித் தேடினால் தாமதம் ஆகாதா? எஸ்.எஸ்.டி.யில் சுழலும் பாகமே இல்லை.

செலவு செய்யும் முன் ஒரு சோதனை. மங்கல் தெரியும் சமயத்தில் Alt+Tab அழுத்தி, டாஸ்க் மேனேஜரில் Performance பகுதியைப் பாருங்கள். என் கம்ப்யூட்டரில் ஹார்ட் டிஸ்க் 100% காட்டியது, குற்றவாளி அதுதான். டிஸ்க் சும்மா இருந்தும் மங்கல் வந்தால், கிராபிக்ஸ் கார்டின் மெமரி போதவில்லையா என்று பாருங்கள். கேமின் கிராபிக்ஸ் செட்டிங்ஸில் அதற்கென அளவுப் பட்டை இருக்கிறது. அந்தக் குறையை எஸ்.எஸ்.டி. தீர்க்காது.

2015-ல் கம்ப்யூட்டருக்கு வந்த இந்தப் பதிப்புக்கு 120 ஜி.பி. வரை இடம் வேண்டும். ஃபோல்டரை நீங்களே இழுத்துப் போட்டு மாற்றாதீர்கள். அதன் புது இடம் தெரியாமல் ஸ்டீம் மீண்டும் டவுன்லோடு செய்யச் சொல்லும். முதலில் ஸ்டீமில் Settings, பிறகு Storage சென்று எஸ்.எஸ்.டி. டிரைவைச் சேர்த்துக்கொள்ளுங்கள். அடுத்து Library-யில் கேமின் மீது ரைட் கிளிக் செய்து Properties, Installed Files, Move install folder எனச் செல்லுங்கள். ஹார்ட் டிஸ்க் நொடிக்கு 150 எம்.பி. படித்தால்கூட 13 நிமிடத்திற்கு மேல் ஆகும். பொதுவாக இன்னும் கூடும். நடுவில் நிறுத்த வேண்டாம். நீங்கள் சேமித்த ஆட்டங்கள் Documents ஃபோல்டரில் தனியாக இருப்பதால் அவற்றுக்கு ஆபத்தில்லை.

மாற்றிய பிறகு கேம் திறக்கும் நேரம் நன்றாகக் குறையும், சாலையும் உரிய நேரத்தில் தெளிவாக வரும். ஆனால் திரையில் ஓடும் ஃபிரேம்களின் எண்ணிக்கை கூடும் என எதிர்பார்க்காதீர்கள். அது பிராசசர், கிராபிக்ஸ் கார்டின் வேலை.

எல்லாத் தாமதத்துக்கும் டிஸ்க்கைத் திட்டுவதும் சரியல்ல. இதே கேமின் ஆன்லைன் பகுதி திறக்கப் பல நிமிடங்கள் பிடித்தது, எஸ்.எஸ்.டி. வைத்திருந்தவர்களும் காத்திருந்தார்கள். 2021-ல் ஒரு புரோகிராமர் ஆராய்ந்தபோது, சுமார் 10 எம்.பி. அளவுள்ள ஒரு பட்டியலை பிராசசர் மிகச் சுற்றி வளைத்துப் படிப்பதுதான் காரணம் எனத் தெரிந்தது. அவர் செய்த திருத்தத்தில் அந்த நேரம் சுமார் 70% குறைந்தது. தயாரித்த நிறுவனமும் அதே ஆண்டு மார்ச்சில் அப்டேட் வெளியிட்டது.