மூன்று நொடி பொறுத்தால் மூலையில் இருப்பவரும் பேசுவார்

ஏற்காடு ஊராட்சி ஒன்றியத்தில் 9 ஊராட்சிகள் இருக்கின்றன. நாகலூர், மாரமங்கலம், செம்மநத்தம், வாழவந்தி என்று எதை எடுத்தாலும், சேர்வராயன் மலைச்சரிவில் சிதறிக் கிடக்கும் பல சிற்றூர்களைச் சேர்த்துக் கட்டிய ஊராட்சிதான். கிராமசபை ஆண்டுக்கு 6 முறை கூடுகிறது. அதற்கு வர ஒருவர் அரைநாள் கூலியை விட வேண்டியிருக்கலாம். அப்படி வந்தவர் வாய் திறந்தாரா என்பதை வருகைப் பதிவேடு சொல்வதில்லை. அதில் கையெழுத்து மட்டுமே இருக்கும்.

அந்தக் கேள்விக்கு விடை தேடியவர்கள் ரம்யா பார்த்தசாரதி, விஜயேந்திர ராவ், நேத்ரா பழனிசாமி ஆகிய மூன்று ஆய்வாளர்கள். தமிழ்நாட்டுக் கிராமசபைகளில் பேசப்பட்டதை அப்படியே எழுத்தாக்கி, யார் பேசினார்கள், எதைப் பற்றிப் பேசினார்கள், அதிகாரி என்ன பதில் சொன்னார் என்று கணினியைக் கொண்டு அலசினார்கள். 2019இல் வெளியான அந்த ஆய்வின் முடிவு, பெண்கள் ஆண்களைவிடக் குறைவாகவே பேசினார்கள் என்பது. பேச்சின் போக்கைத் திருப்பும் வாய்ப்பும் அவர்களுக்குக் குறைவு. பேசினாலும் கேட்ட கேள்விக்குப் பொருத்தமான பதில் கிடைப்பது அதனினும் குறைவு. தலைவர் பெண்ணாக இருந்த ஊராட்சிகளில் பெண்களின் பேச்சுக்குக் கூடுதலாகப் பதில் கிடைத்தது. ஆகவே கூட்டத்தை நடத்துபவர் யார், எப்படி நடத்துகிறார் என்பது வெறும் சம்பிரதாய விஷயமல்ல.

பேசாதவரைக் 'கூச்ச சுபாவம்' என்று சொல்லி விட்டுவிடுவது நம் வழக்கம். எனக்கு அதில் உடன்பாடில்லை. பாதிக் காரணம் கடிகாரத்தில் இருக்கிறது. ஒருவர் பேசி முடித்து அடுத்தவர் தொடங்கும் இடைவெளியை 10 மொழிகளில் அளந்து, 2009இல் ஒரு பன்னாட்டுக் குழு வெளியிட்டது. சராசரி இடைவெளி ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு நொடிதான். ஆனால் ஒரே ஒரு சொல்லை மனத்தில் தேடி எடுத்து நாக்குக்குக் கொண்டுவரவே அரை நொடிக்கு மேல் ஆகிறது. எப்படிச் சமாளிக்கிறோம்? எதிராளி முடிப்பதற்குள்ளாகவே நம் வாக்கியத்தைத் தயார் செய்துவிடுகிறோம். கூட்டங்களில் பழகியவருக்கு இது இயல்பாக வரும். கேட்டு முடித்து, யோசித்து, அப்புறம் பேசலாம் என்று இருப்பவர் ஒவ்வொரு முறையும் ஒரு நொடி பிந்துவார். அதற்குள் வேறொருவர் ஆரம்பித்திருப்பார்.

இதனால் யாருக்கு நஷ்டம் என்பதைக் காட்ட ஒரு மகளிர் சுய உதவிக் குழுவைக் கற்பனை செய்துகொள்வோம். மலைமேல் ஒரு சிற்றூர், 12 உறுப்பினர்கள், ஒரு மணி நேரக் கூட்டம். காப்பிப் பழத்தின் தோலை உரிக்கும் பல்பர் இயந்திரத்தை வங்கிக் கடனில் கூட்டாக வாங்கலாமா என்பது பேச்சு. இயந்திரத்தின் விலையும் கடன் வட்டியும் எல்லோருக்கும் தெரியும். அதைப் பற்றி மூன்று பேர் 20 நிமிடம் பேசுவார்கள். பழத்தைப் பறித்த அன்றே உரிக்க வேண்டும், அதற்குத் தண்ணீர் வேண்டும். இயந்திரம் வைக்க நினைத்த இடத்துக் கிணறு தையிலேயே வற்றிவிடும் என்பது ஒருத்திக்கு மட்டும் தெரியும். பழுதானால் சேலத்துக்குத்தான் இறக்க வேண்டும் என்பது இன்னொருத்திக்குத் தெரியும். இருவரும் பேசவில்லை. குழு கடன் வாங்கிவிடுகிறது.

கேரல்ட் ஸ்டாஸர், வில்லியம் டைட்டஸ் என்ற உளவியலாளர்கள் 1985இல் சோதனையில் கண்டதும் இதுதான். குழுவில் எல்லோருக்கும் தெரிந்த தகவலே திரும்பத் திரும்பப் பேசப்படுகிறது. ஒருவருக்கு மட்டும் தெரிந்தது மேலே வராமலே போகிறது. எல்லாத் தகவலையும் சேர்த்துப் பார்த்தால் எது நல்ல முடிவோ, அதைக் குழு தவறவிடுகிறது.

அதே கூட்டத்தை ஊக்குநர் வேறு மாதிரி நடத்தலாம். வருகை, சேமிப்பு, கடன் தவணை எல்லாம் முதல் 25 நிமிடத்தில் முடியட்டும். இயந்திரப் பேச்சுக்கு 25 நிமிடம், தீர்மானத்தை எழுதிப் படித்துக் காட்ட 10 நிமிடம். நடுவில் உள்ள 25 நிமிடத்தில் முதல் 12 நிமிடம் ஆளுக்கு ஒன்று. இந்தச் சுற்று முடியும்வரை யாரும் யாருக்கும் பதில் சொல்லக் கூடாது. மீதி 13 நிமிடம் வாதத்துக்கு.

சுற்றை எங்கே தொடங்குவது என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். மூத்தவரிடமோ செல்வாக்குள்ளவரிடமோ தொடங்கினால், பின்னால் வருபவர்கள் "அக்கா சொன்னதுதான்" என்று உட்கார்ந்துவிடுவார்கள். அந்த வாக்கியம் இரண்டு முறை காதில் விழுந்தாலே சுற்று கெட்டுவிட்டது என்று பொருள். புதிதாகச் சேர்ந்தவரிடம் தொடங்கி, ஊக்குநர் கடைசியில் பேச வேண்டும். ஆனால் திடீரென்று பெயர் சொல்லிக் கூப்பிட்டால் "ஒண்ணுமில்லக்கா" என்றுதான் வரும். "இவங்களுக்கு அடுத்து நீங்க" என்று ஒரு ஆள் முன்னதாகவே சொல்லிவைப்பது நல்லது. கேள்வியும் மாற வேண்டும். "உங்க கருத்து என்ன?" என்பது பரீட்சைக் கேள்வி. "உங்க பக்கம் கிணத்துல தண்ணி எந்த மாசம் வரைக்கும் நிக்கும்?" என்றால் அவளுக்குத் தெரிந்ததைச் சொல்வாள்.

கேட்ட பிறகு பொறுக்க வேண்டும். அமெரிக்க அறிவியல் கல்வியாளர் மேரி பட் ரோ, 1970களில் வகுப்பறைகளைப் பதிவு செய்து பார்த்தபோது, ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டு ஒரு நொடிதான் காத்திருந்தார்கள். அதை மூன்று நொடியாக்கியதும் பதில்கள் நீண்டன, பதிலே சொல்லாத மாணவர்கள் குறைந்தனர். பதில் வந்த பிறகும் அதேபோலப் பொறுக்கும்படி அவர் சொன்னது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. பேச்சு நின்றதும் "சரி சரி, அடுத்து?" என்று நாம் பாய்ந்துவிடுகிறோம். முக்கியமான தகவல் பெரும்பாலும், பொறுத்திருந்தால் வந்திருக்கக்கூடிய இரண்டாவது வாக்கியத்தில்தான் இருக்கும்.

அதிகம் பேசுபவரை நிறுத்துவது தனிக் கலை. அவர் நீட்டுவதற்குக் காரணம், சொன்னது பதிவானதா என்ற சந்தேகம். எல்லோர் கண்ணிலும் படும்படி ஒரு தாளில் எழுதி, "வட்டி பத்திச் சொன்னது ஏறிடுச்சுக்கா" என்று காட்டினால் அதையே மறுபடி சொல்ல மாட்டார். அரை நிமிடத்துக்கு முன்பே விரலை உயர்த்திக் காட்டுவது, நேரம் முடிந்ததும் வாக்கியம் முடியும் இடத்தில் குறுக்கிடுவது, இரண்டையும் எல்லோருக்கும் ஒரே மாதிரி செய்ய வேண்டும். ஊராட்சித் தலைவரின் மனைவிக்கு ஒரு கணக்கு, கூலிக்குப் போகிறவளுக்கு ஒரு கணக்கு என்றால் அடுத்த கூட்டத்தில் கடிகாரத்தை யாரும் மதிக்க மாட்டார்கள்.

இத்தனைக்கும் ஓர் எல்லை உண்டு. தமிழ்நாட்டின் 'புதுவாழ்வுத் திட்டம்' நடந்த ஊர்களில் பெண்கள் கிராமசபைக்கு வருவதும் பேசுவதும் பேசும் நேரமும் கூடின என்று அதே ஆய்வாளர்களின் இன்னொரு ஆய்வு சொல்கிறது. ஆனால் அவர்கள் பேசியதற்கு அதிகாரிகளிடமிருந்து பொருத்தமான பதில் கிடைப்பது கூடவில்லை. நேரம் கொடுக்கத் தலைவரால் முடியும். பதிலை வாங்கித் தருவதற்குத் தீர்மானப் புத்தகத்தில் கேள்விக்குப் பக்கத்தில் 'பதில் சொன்னவர்' என்று ஒரு கட்டம் போட்டு, அது காலியாக இருக்கும்வரை அடுத்த பொருளுக்குப் போகாமல் இருக்க வேண்டும்.

அடுத்த கூட்டத்துக்குப் போகும்போது ஒரு தாளில் வந்தவர்களின் பெயர்களை எழுதிக்கொள்ளுங்கள். ஒருவர் பேசும் ஒவ்வொரு முறையும் அவர் பெயருக்கு நேரே ஒரு கோடு. கூட்டம் முடிந்ததும் கோடே விழாத பெயர்களை எண்ணி, நடத்தியவரிடம் தாளைக் கொடுத்துவிடுங்கள்.